மேல் ஸாவைக் கோரஸுக்கு மிச்சம் வை

திருச்சி

அன்புள்ள குமரா,

நீ அனுப்பிய பாட்டு வந்து சேர்ந்தது. உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. பெரியவளைக் கல்லூரி விடுதியில் சேர்க்கும் அலைச்சல். இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சாயங்காலம் கீபோர்டு கற்க வரும் பிள்ளைகள் மட்டும்தான் சத்தம். நம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்த சேகர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். இன்னமும் தாளத்தை ஓட்டத்தான் செய்கிறான்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். விற்றுப்போன பூர்வீக வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். "சாவியை யாரிடம் கொடுப்பேன்" என்ற கோரஸ் வரி அருமை, அதைத் தொடாதே. ஆனால் அந்த வரி வரும்போது நெஞ்சு எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் சந்தேகம் கோரஸ் மேல். எனக்கோ கோரஸில் குறையே தெரியவில்லை. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டாய்.

நாம் சினிமாப் பாட்டிலே வளர்ந்தவர்கள். அங்கே பல்லவி முதலிலேயே வந்துவிடும். சரணம் முடிந்து கடைசி வரி பல்லவிக்குத் திரும்பும்போது, ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கு வந்த சந்தோஷம் கிடைக்கும். வெர்ஸில் தொடங்கும் பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. கேட்கிறவருக்குக் கோரஸ் என்னவென்றே முதல் தடவை தெரியாது. ஏதோ வரப்போகிறது என்ற ஏக்கத்தை அவருக்குள் உண்டாக்கும் வேலை முழுக்க, வெர்ஸுக்கும் கோரஸுக்கும் நடுவில் வரும் ப்ரீ-கோரஸுடையது. உன் ப்ரீ-கோரஸ் அதைச் செய்யவில்லை.

முதலில் கார்டுகளைப் பார். வெர்ஸ் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று சுற்றுகிறது. நல்லது. ப்ரீ-கோரஸை மறுபடி சி-யில் தொடங்கி, எஃப் போய், சி-யிலேயே முடிக்கிறாய். பாட்டின் வீடு சி. கோரஸின் முதல் கார்டும் சி. போன நொடி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு வீடு திரும்பும் உணர்ச்சி எப்படி வரும்? ப்ரீ-கோரஸ் முழுவதும் சி கார்டே வராமல் பார்த்துக்கொள். டி மைனர், ஏ மைனர், எஃப், ஜி என்று பாருக்கு ஒன்றாக நான்கு பார் வாசித்துப் பார்த்தேன். கடைசி ஜி-யில் முதல் இரண்டு பீட்டுக்கு ஜி சஸ் ஃபோர் வைத்து, அப்புறம் ஜி-யாக இறக்கினால், காது சி-யைக் கேட்டுத் துடிக்கிறது. அந்த நேரத்தில் கொடு.

அடுத்தது மேல் ஸா. கோரஸில் "சா" என்ற எழுத்து மேல் ஸாவில் நிற்கிறது. நெடில் ஆகாரம், வாய் திறந்து பாட வசதியான எழுத்து, சரியான இடம். ஆனால் அதே மேல் ஸாவை வெர்ஸின் நான்காவது வரியில் "மாடம்" என்ற சொல்லில் ஏற்கெனவே தொட்டிருக்கிறாய்! அங்கே அதற்கு ஒரு தேவையும் இல்லை. வெர்ஸைக் கீழ் பாவிலிருந்து நடு மாவுக்குள் அடக்கு. ப்ரீ-கோரஸில் பா, தா வரை ஏறு. நி வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். கீர்த்தனையில் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸாவை நோக்கி ஏறுவது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே ஏறிவிட்டுப் பல்லவிக்கு இறங்கி வருவார்கள். உன் பாட்டில் உச்சியே கோரஸ்தான், அதனால் அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துவரக் கூடாது. உன் தங்கை மகள் பாடியிருப்பதால் சி-யில் மேல் ஸா கணீரென்று நிற்கிறது. வேறு யாராவது பாடினால், அவர் குரல் திணறாமல் முழு பலத்தோடு நிற்கும் மேல் சுரத்தை முதலில் கண்டுபிடி. அது கோரஸின் மேல் ஸாவாக வரும்படி சுருதியை வை. வெர்ஸுக்கு வசதி பார்த்துச் சுருதி வைத்தால் கோரஸில் மாட்டிக்கொள்வாய்.

எடுப்பும் எல்லா வரிக்கும் ஒரே மாதிரி, தாளத்தின் முதல் அடியான சமத்திலேயே இருக்கிறது. வெர்ஸ் வரிகளை அரை இடம் தள்ளி எடுத்துப் பார், பேசுகிற மாதிரி ஆகிவிடும். கோரஸை மட்டும் சமத்தில் அடி. இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

இனி வரிகள். ப்ரீ-கோரஸில் "வீட்டைப் பிரிந்தேன், மனம் உடைந்தேன்" என்று எழுதியிருக்கிறாய். அழுகையை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் கோரஸுக்கு என்ன மிச்சம்? வெர்ஸில் தூணில் கீறிய உயரக் கோடு, விளக்கு மாடம் என்று பொருள்களாகச் சொல்கிறாய், அழகு. அதே வழியில் ப்ரீ-கோரஸையும் கொண்டுபோ. நான் எழுதிப் பார்த்தது:

ஒவ்வொன்றாய் வண்டியில் ஏற்றியாச்சு
ஒன்றுதான் கையில் மிச்சம்

என்ன மிச்சம் என்ற கேள்வி நிற்கும்போதே "சாவியை" விழுகிறது. பிடிக்காவிட்டால் மாற்று, ஆனால் கேள்வியைத் திறந்தே வை.

நேரக் கணக்கும் பார்த்தேன். டெம்போ 96. ஒரு பார் இரண்டரை வினாடி. முன்னிசை 8 பார், வெர்ஸ் 16, ப்ரீ-கோரஸ் 8. ஆகக் கோரஸ் தொடங்க 80 வினாடி. முன்னிசையையும் ப்ரீ-கோரஸையும் பாதியாக்கினால் சரியாக ஒரு நிமிடத்தில் வந்துவிடும். வெர்ஸைக் குறைக்காதே, அந்த வீட்டை நாங்கள் பார்க்க வேண்டும். இரண்டாவது வெர்ஸை மட்டும் 8 பாரில் முடி. அதற்குள் கோரஸ் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், காத்திருக்க மாட்டார்கள்.

டிரம்ஸ் ப்ரீ-கோரஸிலேயே முழு பலத்தில் நுழைகிறது. கிக்கை அங்கே எடுத்துவிட்டு ஹை-ஹாட் மட்டும் ஓடட்டும். ஜி பாரின் நான்காவது பீட்டில் எல்லா வாத்தியமும் நிற்கட்டும். ஒரு பீட் போதும். இரண்டு பார் நிறுத்தி வித்தை காட்டினால் மேடை அறிவிப்பாளர் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இந்த டிரம்ஸ் வேலையைக் கடைசியில் செய். முதலில் குரலும் பியானோவும் மட்டும் ஒரே சத்த அளவில் பதிவு செய்து, பாட்டைக் கேட்டிராத ஒருவருக்குப் போடு. ஜி-யோடு நிறுத்திவிட்டு முகத்தைப் பார். "ஏன் நிறுத்தினாய்" என்றால் பாட்டு ஏறுகிறது. பேசாமல் காபியைக் குடித்தால், எத்தனை வயலின் அடுக்கினாலும் பயனில்லை. சத்தத்தைக் கூட்டி வரவழைக்கும் எழுச்சி பெரும்பாலும் மாஸ்டரிங்கில் லிமிட்டர் போட்டதும் தட்டையாகிவிடும்.

எல்லாப் பாட்டுக்கும் ப்ரீ-கோரஸ் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நீ முன்பு அனுப்பிய மழைப் பாட்டில் வெர்ஸின் கடைசி இரண்டு வரியே ஏறிப் போய் ஜி-யில் நிற்கிறது, அங்கே இன்னொன்றைச் செருகினால் இழுவைதான். இந்தப் பாட்டின் வெர்ஸ் அமைதியாக ஒரே தளத்தில் நடப்பதால் இங்கே படி தேவைப்படுகிறது.

பியானோ பதிவை முதலில் அனுப்பு, கார்டுகளை மட்டும் நான் திருத்தி வாசித்துத் திருப்பி அனுப்புகிறேன். தீபாவளிக்குப் பிறகு இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, தேதியைச் சொன்னால் சேகரையும் வரச் சொல்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி