கடன் முடிந்தது, உறுதி எங்கே?

கிளிநொச்சிக் கிளை முகாமையாளர் அவர்களுக்கும், கொழும்புத் தலைமையகத்தில் கடன் கோப்புகளைப் பார்க்கிறவர்களுக்கும்,

ஐயா, அம்மா,

2015இல் வீடு கட்ட, காணி உறுதியை ஈடாகத் தந்து உங்கள் வங்கியில் 12 இலட்சம் ரூபா கடன் எடுத்தேன். கடைசித் தவணையை இந்த வருடம் தை மாதம் 27ஆம் திகதி கட்டினேன். மாசியில் "கடன் முழுமையாகத் தீர்க்கப்பட்டது" என்ற கடிதமும் தந்தீர்கள், அதற்கு நன்றி. காணி உறுதிதான் இன்னும் திரும்பி வரவில்லை.

முதல் இரண்டு தடவை கேட்டபோது கொழும்புப் பெட்டகத்தில் இருக்கிறது, வரும் என்றார்கள். மூன்றாம் தடவை கோப்பைத் தேடுகிறோம் என்றார்கள். போன மாதம் ஒரு தம்பி மெல்லிய குரலில், "அண்ணை, உறுதி தொலைந்துவிட்டது என்று பொலிசில ஒரு முறைப்பாடு போட்டுக்கொண்டு வாங்கோ, பிரதி எடுக்கலாம்" என்றார். அதனால்தான் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் அந்த முறைப்பாட்டைப் போட மாட்டேன். உறுதி என் கையிலிருந்து தொலையவில்லை. 2015 ஆனியில் உங்கள் உத்தியோகத்தர் கையெழுத்திட்டு வாங்கிய ஆவணப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. மூல உறுதி, நில அளவை வரைபடம், பிரதேச சபை அங்கீகரித்த கட்டட வரைபடம் என்று அதில் மூன்று வரி. நான் தொலைத்ததாகப் பொலிசில் பதிந்தால், பிறகு அந்த உறுதி யாருடைய கையில் வெளிப்பட்டாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் நான். உங்கள் வசம் இருந்தபோது தொலைந்திருந்தால் முறைப்பாட்டை நீங்கள் போடுங்கள். அதன் பிரதியை எனக்குத் தாருங்கள்.

பிரதி எடுக்கலாம்தானே என்று சொல்வது சுலபம். நொத்தாரிசு எழுதும் உறுதியில் மூலப்பிரதி காணிக்காரருக்கு, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு, இன்னொன்று நொத்தாரிசின் கோப்பில் இருக்கும். எங்கள் உறுதியை எழுதிய நொத்தாரிசு காலமாகிவிட்டார், அவர் கோப்புகள் இடப்பெயர்வோடு போய்விட்டன. ஆக, பதிவகப் பிரதி ஒன்றைத்தான் நம்பலாம். அது கிடைத்தாலும், காணி வாங்க வருகிறவரின் சட்டத்தரணி முதலில் கேட்பது "மூல உறுதி எங்கே, யாரிடமாவது ஈடாகக் கிடக்கிறதா?" என்பதுதான். வன்னியில் அனேகமானவை அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணிகள். எங்களது அரை ஏக்கர் உறுதிக் காணி. 2009இல் அம்மா அதை இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மாத்தளன் வரை போனவர். நகைப் பொட்டலம் வழியில் போனது, உறுதி திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தின் கீழ்மூலையில் உப்புத்தண்ணி ஊறின மஞ்சள் வளையம் இருக்கும். தேடுகிறவர்கள் அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

காகிதம் கைக்கு வந்தாலும் வேலை முடியாது. நீங்கள் கடன் தரும்போது எழுதிய ஈட்டு முறி காணிப் பதிவேட்டில் எங்கள் காணிப் பக்கத்தில் பதிந்திருக்கிறது. கடன் தீர்ந்த கடிதம் அந்தப் பதிவை அழிக்காது. வங்கியின் அதிகாரம் பெற்றவர் நொத்தாரிசு முன் ஈடு மீட்பு உறுதியில் கையெழுத்து வைத்து, அது பதிவகத்தில் பதியப்படும்வரை, காணிப் பதிவேட்டுத் தோம்பு எடுத்துப் பார்க்கிறவருக்குக் காணி உங்களிடம் ஈட்டில்தான் நிற்கும். மகளுக்குப் பாதிக் காணியை நன்கொடை உறுதியாக எழுத இருக்கிறேன். பங்குனியிலேயே சட்டத்தரணி இதைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இந்தியாவில் ரிசேவ் வங்கி 2023 செப்டெம்பரில் ஒரு பணிப்புரை விட்டது. கடன் தீர்ந்து 30 நாளுக்குள் மூல ஆவணங்களைக் கொடுத்து, பதிவில் உள்ள ஈட்டையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் பிந்தினால் நாளொன்றுக்கு 5,000 இந்திய ரூபா நட்டஈடு. ஆவணம் தொலைந்தால் சான்றுப் பிரதி எடுக்கும் செலவும் வங்கிக்கே. அந்தச் சட்டம் இங்கே இல்லை என்பது தெரியும். நட்டஈடும் நான் கேட்கவில்லை. ஆனால் தொலைத்தவர் செலவு செய்வது எந்த ஊரிலும் நியாயம்தான்.

14 நாட்களுக்குள் எழுத்தில் ஒரு பதில் தாருங்கள்: உறுதி இருக்கிறதா, இல்லையா. இருந்தால் திகதி குறியுங்கள். இல்லையென்றால் உங்கள் வசம் தொலைந்தது என்று வங்கிக் கடிதத்தாளில் எழுதி, பதிவகத்தின் சான்றுப் பிரதியை உங்கள் செலவில் எடுத்துத் தாருங்கள். ஈடு மீட்பை இரண்டுக்கும் காத்திருக்காமல் இப்போதே எழுதலாம், அதற்கு மூல உறுதி என் கையில் இருக்கத் தேவையில்லை. பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதியோடு இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு எழுதுவேன்.

வரச் சொல்லும் நாளில் 2015ஆம் ஆண்டுப் பட்டியலோடு வருவேன். அம்மாவையும் கூட்டி வருவேன். மூன்றாம் பக்கத்தை அவர் புரட்டிப் பார்த்த பிறகுதான் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைப்பேன்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து,
உங்கள் பழைய கடனாளி