மழைச்சோற்றுக்கு வந்தவர்களுக்கும் ஒரு வரியை அடிக்கச் சொன்ன ஆயாவுக்கும்

அணைக்கட்டு பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கு வணக்கம். மழையில்லாத நிலைமை உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை வேண்டுதல் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி தெற்குத் தெரு ஆயாவுக்கு. எல்லோரும் சேர்ந்து சொல்வதற்கு நான்தான் வேண்டுதல் எழுதியிருந்தேன். அதில் 'மனசாரக் கேட்டால் மூன்றே நாளில் பெய்யும்' என்று ஒரு வரி. முந்தின நாள் திண்ணையில் படித்துக் காட்டியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். கேவுரு புடைத்துக்கொண்டிருந்த ஆயா மட்டும் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, பெய்யலன்னா எம் மவன் மனசாரக் கேக்கலன்னு ஆயிடாதா?"

அந்த மகன் போட்ட இரண்டு போர்வெல்லிலும் புழுதிதான் வந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த வரியை அங்கேயே அடித்தேன். 'எங்கள் பாவத்தைப் பொறுத்து' என்றதையும் சேர்த்தே அடித்தேன்.

ஆயா விடவில்லை. "கொட்டு கொட்டுன்னு கேக்காத. எவ்ளோ வேணும்னு சொல்லிக் கேளு" என்றார். மல்லாட்டை பூ வைத்திருக்கிறது. பூவிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய். மேல்மண் ஓடு மாதிரி கெட்டியாக இருந்தால் விழுது மேலேயே காய்ந்துவிடும். இப்போது தேவை ஓர் உழவு மழை, அதாவது கலப்பை இறங்கும் ஆழத்துக்கு ஈரம். அதுவே அறுவடை நேரத்தில் விடாமல் பெய்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இதையெல்லாம் அம்மனுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "நமக்குத் தெரியணும் இல்ல?" என்றார்.

கடைசியில் நாம் சொன்னது இதுதான். கேட்டு அனுப்பியவர்களுக்காகவும் எழுதுகிறேன்:

"தாயே, மல்லாட்டை பூ வைத்துவிட்டது. விழுது இறங்க மண் இளகவில்லை. ஓர் உழவு மழை கேட்கிறோம். தருவதும் தராததும் உன் சித்தம். தந்தால் ஏரியில் வாங்கி வைக்க வரத்துக்கால்வாயைத் தூர்வாரி வைப்போம். தராவிட்டாலும் ஒரு வீட்டில் கூழ் இருக்கும்வரை அடுத்த வீட்டைப் பட்டினி போடமாட்டோம்."

அந்தக் கடைசி வரியில் பல பேருக்குக் குரல் கம்மியது. எனக்கும்தான்.

வீடு வீடாகப் போய்ச் சோறும் கூழும் வாங்கி வந்த பெண்பிள்ளைகள், அண்டா கொடுத்த பந்தல்காரர், உப்பில்லாமல் பிசைந்த மழைச்சோற்றை முகம் சுளிக்காமல் சாப்பிட்ட குழந்தைகள், எல்லோருக்கும் நன்றி. கூலி பேசாமல் விராட பருவம் ஆட ஒப்புக்கொண்ட கூத்து வாத்தியாருக்கும் நன்றி. பாண்டவர் ஒளிந்திருந்த நாட்டில் மழை தவறாது என்று பீஷ்மர் சொல்வதால்தான் மழைக்கு அந்தக் கதை என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்றுவரை மழை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கால்வாய் வேலை, மதகடியிலிருந்து ஆரம்பிக்கிறோம். மண்வெட்டி இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். ஆயா கூழ் காய்ச்சி எடுத்து வருகிறாராம், இந்தத் தடவை உப்புப் போட்டு.