திறன் கடன்: ஞாயிறு கூட்டம், கொண்டுவர வேண்டியவை

அனைவருக்கும் வணக்கம். வேலை தேடும் பிள்ளைகளின் சான்றிதழ் படிப்புக் கட்டணத்துக்கு மத்திய அரசின் திறன் கடன் திட்டம் பற்றிப் பேச வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அறையில் கூடுகிறோம்.

1. 2024இல் கடன் வரம்பு ஒன்றரை லட்சத்திலிருந்து 7.5 லட்சமாக உயர்ந்தது. அடமானம் தேவையில்லை, ஆனால் பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும்.

2. பயிற்சிக் கட்டணத்தோடு தேர்வு, மதிப்பீட்டுக் கட்டணமும் இதில் அடங்கும். பணம் நேராகப் பயிற்சி நிறுவனத்துக்கே போகும். அதனால் முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டிவிட்டு வங்கிக்குப் போகாதீர்கள்.

3. பெரும்பாலும் விண்ணப்பம் சிக்குவது படிப்பின் அங்கீகாரத்தில்தான். "அரசு அங்கீகாரம்" என்ற பலகையை நம்ப வேண்டாம். skillindiadigital.gov.in தளத்தில் படிப்பின் பெயரையும் அந்த மையத்தின் பெயரையும் தேடிப் பாருங்கள். தலைமை நிறுவனம் இருந்து உங்கள் கிளை இல்லாமலும் இருக்கலாம்.

4. ஒரு கணக்கு: 6 மாதப் படிப்புக்கு 60,000 ரூபாய், வட்டி 11% என்று வையுங்கள். படிப்பு முடிந்து 6 மாதம் வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். அந்த 12 மாத வட்டி 6,600 ரூபாய். அதை மாதம் 550 வீதம் அப்போதே கட்டினால், பிறகு 5 ஆண்டுத் தவணை சுமார் 1,305. கட்டாமல் அசலோடு சேர்ந்தால் சுமார் 1,448.

5. ஆதார், பான், மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் ஆகியவற்றின் நகலைக் கொண்டு வாருங்கள். கட்டண விவரத்தில் தேர்வுக் கட்டணம் தனி வரியாக இருக்கட்டும்.

வருவோர் வெள்ளி இரவுக்குள் பிள்ளையின் படிப்பு, மையத்தின் பெயர் இரண்டையும் இங்கே பதிவிடுங்கள்.