ஏ4 எது? எங்கள் ஊர் வக்கீல்களுக்கு ஒரு குமாஸ்தாவின் மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கும், தினமும் கோர்ட் வராந்தாவில் பார்த்து வணக்கம் வைக்கும் சார்களுக்கும், மேடம்களுக்கும்,

இருபத்திரண்டு வருடமாகக் குமாஸ்தா வேலை. கட்டு தூக்குவது, நம்பர் வாங்குவது, வாய்தா குறிப்பது, டைப் அடிப்பது எல்லாம் நான்தான். அதனால் இந்த மடலில் பாதிக் குற்றச்சாட்டு என் மேலேயே விழும், பரவாயில்லை.

போன மாதம் முன்சீப் கோர்ட்டில் நடந்தது உங்களில் நிறையப் பேருக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் வழக்கு. வாதி எழுபது வயதைத் தாண்டிய அம்மா, கைநாட்டு. முதல் விசாரணைக்குப் பதிலாக நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்திருந்தோம். ஆவணப் பட்டியலில் இருந்த வரிசைப்படியே வாக்குமூலத்தில் ஏ1, ஏ2 என்று நானே முன்கூட்டி நம்பர் போட்டிருந்தேன். ஏ1 1978-ஆம் வருடக் கிரயப் பத்திரம், ஏ2 பட்டா, ஏ3 கிஸ்தி ரசீதுகள், ஏ4 1994-இல் எழுதிய கூர்சீட்டு, ஏ5 வக்கீல் நோட்டீஸ், ஏ6 ஒப்புகை அட்டை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அம்மா கூண்டில் ஏறிய அன்று பட்டா வெறும் ஜெராக்ஸ் என்று எதிர்த்தரப்பு எழுந்தது. நியாயமான ஆட்சேபணைதான். மூலமோ, தாலுகா ஆபீஸில் வாங்கிய நகலோ கையில் இல்லை. சரி, பட்டா வேண்டாம் என்று விட்டுவிட்டு மற்றதைக் குறியீடு செய்தார்கள். அப்படியே எல்லாம் ஒரு படி இறங்கி, கிஸ்தி ஏ2, கூர்சீட்டு ஏ3, நோட்டீஸ் ஏ4 ஆகிவிட்டது. வாக்குமூலத்திலோ கூர்சீட்டு இன்னும் ஏ4 என்றே நிற்கிறது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

மூன்றாவது வாய்தாவில் கிராஸ். "ஏ4 ஆவணத்தில் உங்கள் கைரேகை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். எங்கள் ஆபீஸில் வைத்து அந்த அம்மாவுக்கு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டியது நான்தான். ஏ4 என்றால் கூர்சீட்டு என்று விரலை மடக்கி மடக்கி மனப்பாடம் செய்து வந்திருந்தார். "இருக்கு சாமி, நான்தான் வச்சேன்" என்றார். பதிவாகிவிட்டது. நோட்டீஸில் எங்கள் சீனியர் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அடுத்த கேள்வி, "அப்படியானால் இந்தக் கோர்ட்டில் பொய் சொல்கிறீர்கள், சரிதானே?" ஆவணத்தை அவர் கையில் கொடுத்துக் கேட்கவில்லை. கொடுத்திருந்தாலும் எழுத்து தெரியாதவருக்கு என்ன விளங்கும்? கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கட்டை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

உடனே மறு விசாரணையில் ஒரே கேள்வியில் சரிசெய்திருக்கலாம், அன்று ஜூனியர்தான் இருந்தார், அவருக்கும் புரியவில்லை. இப்போது சாட்சியைத் திரும்ப அழைக்க மனுப் போட்டிருக்கிறோம். எதிருரைக்கு வாய்தா ஓடுகிறது. அந்த அம்மா பஸ்ஸுக்கு இரண்டு முறை மாறி வர வேண்டும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். தயவுசெய்து நிரூபண வாக்குமூலத்தில் ஆவணத்தை நம்பரால் அழைக்காதீர்கள். பெயரால், தேதியால், பதிவு எண்ணால் அழையுங்கள். "இன்ன தேதியில் இன்னார் எனக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தின் அசல்" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் நம்பருக்கு இடம் விடுங்கள். கூண்டில் ஆவணத்தைச் சாட்சியிடம் காட்டி, அசலா, சான்றிட்ட நகலா, ஜெராக்ஸா என்று சொல்லி, ஆட்சேபணையைக் கேட்டு, அப்புறம் விழும் நம்பரை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. 1.7.2002 முதல் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 18-ஆம் கட்டளை 4-ஆம் விதிப்படி முதல் விசாரணை வாக்குமூலமாக வருகிறது. அதே விதியின் வரம்புரையில், வாக்குமூலத்தோடு வரும் ஆவணங்களின் நிரூபணமும் ஏற்புடைமையும் நீதிமன்றத்தின் உத்தரவுக்கு உட்பட்டது என்று இருக்கிறது. அதாவது வாக்குமூலத்தில் ஏ4 என்று நாம் டைப் அடித்ததால் அது ஏ4 ஆகிவிடாது. 13-ஆம் கட்டளை 4-ஆம் விதி, ஏற்கப்பட்ட ஆவணத்தின் மேலேயே வழக்கு எண், தாக்கல் செய்தவர் பெயர், தேதி, ஏற்கப்பட்டது என்ற குறிப்பு எல்லாம் எழுதி நீதிபதி கையொப்பமிட வேண்டும் என்கிறது. நம்மூரில் ரப்பர் ஸ்டாம்பு மட்டும் விழுந்து உள்ளே கட்டங்கள் காலியாகக் கிடக்கும் ஆவணங்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன்.

எதிர்த்தரப்பு சார்களுக்கும் சொல்ல வேண்டும். அந்தக் கூர்சீட்டு இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதியது, பதிவும் இல்லை. ஆட்சேபணை சொன்னீர்கள், "ஆட்சேபணைக்கு உட்பட்டு" என்று எழுதிக் குறியீடு ஆயிற்று, எல்லாரும் டீ குடிக்கப் போனோம். மற்ற ஆட்சேபணையைத் தீர்ப்பு வரை தள்ளி வைக்கலாம், ஆனால் முத்திரைத்தாள் குறைவு என்ற ஆட்சேபணையை அப்போதே முடிவு செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அன்றே முடிவு செய்திருந்தால் குறைந்த தீர்வையும் பத்து மடங்கு தண்டமும் கட்டுவதா வேண்டாமா என்று நாங்களும் யோசித்திருப்போம். கட்டினாலும் பதிவில்லாத குறை தீராது, அனுபவம் யாரிடம் என்பது போன்ற துணை விஷயத்துக்குத்தான் உதவும், அது வேறு கதை. இனி வாதுரையின்போது இரண்டு பக்கமும் இதற்காக ஒரு வாய்தா சண்டை போடுவோம்.

அசலைக் கேட்காமல் ஜெராக்ஸை உள்ளே விட்டுவிட்டு மேல்முறையீட்டில் குதிப்பவர்களுக்கும் 2003-இன் வெங்கடாசல கவுண்டர் தீர்ப்பு இருக்கிறது. நிரூபிக்கும் முறை பற்றிய ஆட்சேபணையை ஆவணம் உள்ளே வரும்போதே சொல்ல வேண்டும். அப்போது சும்மா இருந்துவிட்டு அப்புறம் கிளப்ப முடியாது.

இன்னொன்று. வாதுரையை, மன்னிக்கவும், வழக்குரையை அப்படியே காப்பி அடித்து "வாதி" வரும் இடத்தில் எல்லாம் "நான்" போட்டு வாக்குமூலம் என்று கொடுக்கிறோமே, அதை எப்போது நிறுத்துவோம்? போன வருடம் ஒரு வாக்குமூலத்தில் நீதிமன்றக் கட்டணக் கணக்கு, அதிகார வரம்பு எல்லாம் ஒரு விவசாயி தன் சொந்த அறிவில் சொன்னதாகப் போயிற்று. "ஆகவே நானுக்கு ஆதரவாகத் தீர்ப்பளிக்க" என்றுகூட ஒன்று போனது. அடித்தது நான்தான், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்று சொல்ல மாட்டேன். இ-ஃபைலிங் வந்து வேகம் கூடிவிட்டது என்கிறார்கள். ஆமாம், தப்பும் அதே வேகத்தில் பதிவேறுகிறது.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேட்க வந்தது அந்த ஒன்றுதான். நம்பரைக் கூண்டில் போடுவோம், ஆபீஸில் வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எடுத்து நீதிபதி அவர்களிடமும் சொன்னால், குறியீடு முடிந்ததும் ஆவணப் பட்டியலையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கப் பெஞ்ச் கிளார்க்குக்கு ஐந்து நிமிடம் கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஆபீஸில் நான் ஏற்கனவே ஆரம்பித்துவிட்டேன். கோடிட்ட இடத்தைப் பார்த்து, டைப் அடிக்க மறந்துவிட்டாயா என்று சீனியர் கேட்டார்.

அந்த அம்மாவின் மனு வருகிற வாரம் அழைக்கப்படும். எதிர்த்தரப்பு சார் இதைப் படித்தால், முடிந்தால் எதிருரை இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கட்டுகளைத் தூக்கும் ஒரு குமாஸ்தா