சல்லடை இலையும் வெட்டுக்கிளி மேல் விழுந்த பழியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பகுதியில், சல்லடையாகிப் போன ரோஜா இலை ஒன்றின் படத்தை வெளியிட்டு, 'வெட்டுக்கிளித் தாக்குதல்' என்று குறித்திருந்தீர்கள். காலையில் பூச்சிக்கொல்லி தெளிக்கவும் யோசனை சொல்லியிருந்தீர்கள். அந்தப் படத்தை மீண்டும் மீண்டும் உற்றுப் பார்த்தேன். அது வெட்டுக்கிளியின் வேலை அல்ல. இதே தவற்றைச் செய்து ஒரு மாதத்தை இழந்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

வெட்டுக்கிளி பெரும்பாலும் இலையின் விளிம்பிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தின்னும். கிழித்துப் போட்டதுபோல் ஒழுங்கற்ற பெரிய துண்டுகள் காணாமல் போகும். நரம்பு, சதை என்று அது பார்ப்பதில்லை. நடு நரம்பைக்கூடச் சில இடங்களில் கடித்துவிடும். நீங்கள் வெளியிட்ட படத்திலோ விளிம்பு ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. நரம்புகளுக்கு இடையில் இருந்த சதை மட்டும் போய், நரம்புகள் வலைபோல் நிற்கின்றன. இது இரவில் மேயும் பழுப்பு வண்டின் அடையாளம். அடோரெட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இந்த வண்டுகளின் வாயமைப்பு தடித்த நரம்புகளைக் கடிப்பதற்கு ஏற்றதல்ல. அதனால் அவை நரம்பை விட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்கின்றன.

என் செடியிலும் இதே வலைதான் இருந்தது. ஆனால் பகலில் அதன்மேல் ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டினேன். அதைப் பிடித்து அகற்றிய பிறகும் ஓட்டைகள் பெருகின. பழைய ஓட்டைதான் கண்ணில் படுகிறதோ என்று ஐயம் வந்ததும், முழுதாக இருந்த ஆறு தளிர் இலைகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். மறுநாள் விடியலில் நான்கில் புதிய ஓட்டைகள். அவற்றின் விளிம்பு பச்சையாக, ஈரமாக இருந்தது. பழைய ஓட்டையின் விளிம்போ காய்ந்து பழுப்பேறியிருக்கும். அன்று மாலைவரை பார்த்தேன், ஓர் ஓட்டைகூடக் கூடவில்லை. ஆக, தின்றது இரவில்.

சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து, டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு போனேன். பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. வெள்ளை வெளிச்சம் பட்டால் பல வண்டுகள் உதிர்ந்து மறைந்துவிடும். முதல் இரவு காற்று பலமாக இருந்தது, எதுவும் இல்லை. அத்தோடு விட்டிருந்தால் மறுபடி வெட்டுக்கிளியையே குறை சொல்லியிருப்பேன். இரண்டாம் இரவு ஒரே செடியில் இருபத்து மூன்று வண்டுகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இலையின் நிழலில் மண்ணின் நிறத்தோடு ஒட்டிக்கிடந்தன. மறுநாள் பகலில் செடியடிச் சருகைக் கிளறியபோது அதே வண்டுகள் அசையாமல் பதுங்கியிருந்தன. நீங்கள் சொன்ன காலைத் தெளிப்பு இலைமேல் விழும். வண்டோ மண்ணில் இருக்கும். அந்த நேரத்தில் பூக்களுக்கு வரும் தேனீக்கள்தான் மருந்தில் சிக்கும்.

நான் மருந்து எதையும் அடிக்கவில்லை. அகன்ற பாத்திரத்தில் சோப்பு நீர் எடுத்துக்கொண்டு, இலைக்குக் கீழே பிடித்துக் கிளையை மெல்லத் தட்டினேன். அதிர்ச்சி பட்டால் உதிர்வது அவற்றின் இயல்பு. நேரே நீரில் விழுந்தன. பாத்திரம் பிடிக்காமல் தட்டினால் மண்ணில் விழுந்து தப்பிவிடும். ஒன்பது இரவுகளில் எண்ணிக்கை இரண்டாகக் குறைந்தது. வெளியிலிருந்து புதியவை பறந்து வரும் என்பதால், தளிர் விடும் காலத்தில் வாரம் இருமுறையாவது பார்க்கிறேன்.

இரவில் மேய்வதெல்லாம் வண்டு என்றும் சொல்ல முடியாது. மினுமினுக்கும் கோழைத் தடம் இருந்தால் நத்தை. செடிக்கடியில் அந்தியில் விரித்த வெள்ளைத் தாளில் காலையில் உருண்டையான கரும் எச்சம் கிடந்தால் புழு. ரோஜா இலை விளிம்பில் கத்தரித்ததுபோல் வழவழப்பான அரைவட்டம் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட எடுத்துப் போகிறது, விட்டுவிடலாம். நீண்ட மெல்லிய உணர்கொம்பு கொண்ட பச்சை வெட்டுக்கிளிகளில் சில இரவில் மேய்வதும் உண்டு. ஆகவே நேரத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், ஓட்டையின் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி, தெளிப்பு யோசனையைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன். வலையாகிப்போன இலைகளைக் கிள்ள வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியிருக்கும் பச்சை இன்னமும் செடிக்கு உணவு தயாரிக்கிறது.

தங்கள் நீண்டநாள் வாசகி