இளநீரும் சிறுநீரக நோயாளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் இதழின் சென்ற வார மருத்துவப் பக்கத்தில், "சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீர் அருமருந்து, தினமும் தாராளமாகப் பருகலாம்" என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு எது என்று சொல்லாமல் மருந்தை மட்டும் சொல்லும் துணிச்சல் மருத்துவர்களுக்குக் கூட வராது. சிறுநீரகத்தில் கல் உள்ளவருக்கு நிறைய நீர் போக வேண்டும் என்பதால் இளநீர் உதவலாம். சிறுநீரகம் செயலிழந்து வருபவருக்கோ அதே இளநீர், அதிலுள்ள பொட்டாசியத்தால் ஆபத்தாகலாம். இந்த இருவரையும் ஒரே வரியில் உட்கார வைத்துவிட்டீர்கள்.

100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. காய்க்குக் காய், முற்றலுக்கு முற்றல் இது மாறும் என்றாலும், 300 மில்லி நீர் உள்ள ஒரு காயில் சுமார் 750 மில்லிகிராம் என்று கொள்ளலாம். நம் உடலின் பொட்டாசியத்தில் மிகப் பெரும்பகுதி செல்களுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. இரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்திலுமாகச் சேர்த்து இருப்பது இரண்டரை கிராம் அளவுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடானதை ஒரே காய் கொண்டு வந்து சேர்க்கிறது. நல்ல சிறுநீரகம் சில மணி நேரத்தில் மிகுதியை வெளியேற்றிவிடும் என்பதால்தான் மற்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. பழுதடைந்த சிறுநீரகத்தால் அது முடியாது. சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. நீர் போகும் அளவு வேறு, பொட்டாசியம் போகும் அளவு வேறு.

இதை நான் என் வீட்டில் கற்றேன். என் கணவருக்கு நெடுநாள் நீரிழிவு. அதனால் சிறுநீரகமும் பழுதடைந்து, கிரியாட்டினின் 3.8 வரை ஏறியிருந்தது. இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கப்படும் அந்த மாத்திரை, பொட்டாசியத்தை உடலில் தேக்கியும் வைக்கும். ஒரு நாளைக்கு மொத்தம் 2,000 மில்லிகிராமுக்குள் பொட்டாசியம் இருக்கட்டும் என்று உணவு ஆலோசகர் அவருக்கு எழுதித் தந்திருந்தார். தங்கள் இதழைப் போன்ற ஒன்றில் வந்த இதே அறிவுரையைப் படித்துவிட்டு, அன்புள்ள உறவினர் ஒருவர் காலையும் மாலையும் வேளைக்கொரு காயாக வாங்கி வந்து கொடுத்தார். இரண்டு காய்களிலேயே 1,500 போய்விட்டது; சோறும் பருப்பும் காயும் மிச்சமிருந்த 500-க்குள் அடங்குமா என்று தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கால்கள் துவண்டதாகச் சொன்னார், அவ்வளவுதான். இரத்தத்தில் 5-க்குள் நிற்க வேண்டிய பொட்டாசியம் 6.8 என்று வந்தது. இசிஜியில் அலைகள் கூர்ந்து உயர்ந்திருந்தன. இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டார்கள். பிறகு குளுக்கோஸுடன் இன்சுலின் ஏற்றினார்கள். இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி ஒளித்துவைக்குமே தவிர உடலைவிட்டு அகற்றாது. சில மணி நேரத்தில் அது திரும்ப வெளியே வரும். ஆகவே அன்றிரவே டயாலிசிஸும் செய்ய வேண்டியதாயிற்று. எந்த அறிகுறியும் காட்டாமலே இதயத்துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது மிகுந்துபோன பொட்டாசியம் என்பது தங்கள் கட்டுரையாளருக்குத் தெரியாமலா இருக்கும்!

முன்பு ஒருமுறை, இரத்த அழுத்தக்காரர்கள் சாதாரண உப்பை விட்டுச் சோடியம் குறைந்த உப்புக்கு மாறலாம் என்று எழுதினீர்கள். அந்த உப்பில் சோடியத்தின் இடத்தில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு என்பதைச் சுட்டிக்காட்டி அப்போதே கடிதம் போட்டேன். பிரசுரமாகவில்லை. அதற்குமுன், கீரையை அப்படியே சாறாக்கிக் குடிக்கச் சொன்னீர்கள். கீரையையாவது நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். சாற்றில் அதற்கு வழியில்லை, இளநீரில் கொட்ட வேண்டியதே இளநீர்தான். இடம் போதவில்லை என்று அப்போது விட்டிருப்பீர்கள். இளநீரின் பெருமைக்கு மட்டும் முழுப் பக்கமும் கிடைத்ததைக் கண்டு மகிழ்ந்தேன்.

இளநீரை எல்லோரும் விலக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. நோயின் தொடக்க நிலையில், பொட்டாசியம் இயல்பாக இருப்பவருக்கு எப்போதாவது ஒன்று குடிக்க மருத்துவரே அனுமதிக்கக்கூடும். டயாலிசிஸில் இருப்பவருக்கோ, பொட்டாசியத்தோடு நீரின் அளவும் கணக்கில் வரும். அடுத்த டயாலிசிஸுக்கு இடைவெளி நீளும் நாட்களில் இன்னும் கவனம் தேவை. யாருக்கு எவ்வளவு என்பதை இரத்தப் பரிசோதனையும் அவர் உண்ணும் மாத்திரைகளும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், "நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம் அளவைப் பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டுமே இளநீர் பருகவும்" என்று ஒரு வரி போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சற்றுச் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி