தாய்லாந்தைவிட நமக்கு வருமானம் அதிகம். 2022ஆம் ஆண்டின் மனித மேம்பாட்டு வரிசையில் ஏன் 3 இடம் மட்டுமே முன்னால் இருந்தோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர், "ஹட்யாய்க்குப் போனால் நம் ரிங்கிட்டின் மதிப்பு தெரிகிறது. அப்படியிருக்க மனித மேம்பாட்டுக் குறியீட்டில் தாய்லாந்து நம் பக்கத்திலேயே நிற்பது எப்படி?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு வந்த பதில்தான் சரியில்லை. "அது மகிழ்ச்சியை அளக்கிறது" என்று யாரோ எழுதிவிட்டார்கள். மகிழ்ச்சிக்கும் இந்தக் குறியீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இது நான்கே எண்களால் ஆன கணக்கு. கையில் கால்குலேட்டர் இருந்தால் படிவம் 6 மாணவரே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2023-24 அறிக்கையில் 2022ஆம் ஆண்டுக்கான எண்கள் உள்ளன. மலேசியா 0.807 பெற்று 63ஆவது இடத்திலும், தாய்லாந்து 0.803 பெற்று 66ஆவது இடத்திலும் இருந்தன. தலா வருமானமோ நமக்கு 27,295 டாலர், அவர்களுக்கு 16,887 டாலர். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவை பணமாற்றுக் கடையில் கிடைக்கும் டாலர் அல்ல. ஒவ்வொரு நாட்டிலும் பணத்தால் எவ்வளவு வாங்க முடியும் என்று விலைவாசியைச் சமன் செய்த டாலர். ஹட்யாயில் பொருள் மலிவு என்பது இதற்குள்ளேயே அடங்கிவிட்டது. எனவே மலிவைக் காரணம் காட்டி இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

எடுத்துக்கொள்ளும் வருமானமும் மொத்த உள்நாட்டு உற்பத்தி அல்ல, மொத்த தேசிய வருமானம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்று ஈட்டும் லாபம் வெளிநாட்டு முதலாளிக்குப் போனால், அது முதல் கணக்கில் சேரும், இரண்டாவதில் சேராது. பினாங்குக்காரர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும்.

இனி கணக்கு. ஒவ்வோர் எண்ணையும் ஒரு கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் வைத்து, 0 முதல் 1 வரையிலான மதிப்பாக மாற்றுகிறார்கள். ஆயுளுக்கு எல்லைகள் 20, 85 வயது. மலேசியாவில் பிறக்கும் குழந்தையின் எதிர்பார்ப்பு ஆயுள் 76.3. அதில் 20ஐக் கழித்து 65ஆல் வகுத்தால் 0.866. தாய்லாந்தில் 79.7, அதாவது 0.918. முதல் படியிலேயே அவர்கள் முந்திவிட்டார்கள்.

கல்விக்கு இரண்டு எண்கள். இன்று பள்ளியில் சேரும் பிள்ளை எத்தனை ஆண்டு படிக்கும் என்பது ஒன்று. மேல் எல்லை 18. 25 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள் என்பது மற்றொன்று. மேல் எல்லை 15. நமக்கு 12.9, 10.7. தாய்லாந்துக்கு 15.6, 8.8. இந்த நான்கு எண்களில் ஒரு கதையே இருக்கிறது. தாய்லாந்தின் பெரியவர்கள் நம்மைவிடக் குறைவாகப் படித்தவர்கள். ஆனால் பிள்ளைகள் நம் பிள்ளைகளைவிட நீண்ட காலம் படிக்கப் போகிறார்கள். முதலாம் ஆண்டு தொடங்கி எஸ்பிஎம் வரை 11 ஆண்டு ஆகிறது. நமது 12.9 என்பதன் பொருள், அதற்குமேல் சராசரியாக 2 ஆண்டுகூட இல்லை என்பதுதான். இரண்டு விகிதங்களின் சராசரியை எடுத்தால் நமக்கு 0.715, அவர்களுக்கு 0.727. (பள்ளியில் இருந்த காலத்தைத்தான் இது எண்ணும், பாடம் மண்டையில் ஏறியதா என்பதை எண்ணாது. அந்தக் குறை குறியீட்டுக்கு உண்டு.)

இரண்டிலும் பின்தங்கிய நாம் வரிசையில் முன்னால் நிற்பது வருமானத்தின் தயவால். ஆனால் அந்தத் தயவு நினைத்த அளவுக்குக் கிடைப்பதில்லை. வருமானத்தை அப்படியே வைக்காமல் மடக்கை எடுத்து வைக்கிறார்கள். எல்லைகள் 100 டாலர், 75,000 டாலர்:

ln(27,295 ÷ 100) ÷ ln(75,000 ÷ 100) = 0.847

தாய்லாந்துக்கு இதே கணக்கில் 0.775. மடக்கை எடுக்காமல் நேராக வகுத்திருந்தால் நமக்கு 0.363, அவர்களுக்கு 0.224 என்று பெரிய இடைவெளி விழுந்திருக்கும். மடக்கைக்குக் காரணம் எளிது. 2,000 டாலரில் வாழ்பவருக்கு மேலும் 1,000 கிடைத்தால் வாழ்க்கையே மாறும். 50,000 டாலர்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது. இந்த முறையில் முதலாமவருக்கு 0.061 கூடுகிறது, இரண்டாமவருக்கு வெறும் 0.003.

கடைசியாக மூன்று மதிப்புகளையும் பெருக்கிக் கனமூலம் எடுக்க வேண்டும். நான்கு தசம இடம் வரை எடுத்துக்கொண்டால், 0.8662 × 0.7150 × 0.8473 என்பதன் கனமூலம் 0.807. மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான். சிலர் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். அது 2010க்கு முந்தைய முறை. வேறு சிலர் நான்கு எண்களையும் தனித்தனியாக எடுத்து நான்கால் வகுத்துவிடுகிறார்கள். கல்வியின் இரண்டும் முதலில் ஒன்றாக வேண்டும். பெருக்கலுக்கு மாறியதற்கும் காரணம் உண்டு: ஒன்றில் இருக்கும் பலவீனத்தை இன்னொன்றின் பலம் முழுதாக மறைத்துவிடக் கூடாது.

இதற்குத் தெளிவான சாட்சி கத்தார். அதே அறிக்கையில் அதன் தலா வருமானம் 95,944 டாலர், சிங்கப்பூரின் 88,761ஐவிட அதிகம். இருவரும் 75,000ஐத் தாண்டியதால் வருமான மதிப்பு இருவருக்குமே 1தான். அதற்குமேல் எவ்வளவு சேர்த்தாலும் கணக்கில் வராது. மிச்சத்தை ஆயுளும் கல்வியும் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூர் பிள்ளைக்கு 16.9 ஆண்டுப் படிப்பு, கத்தாரில் 13.3. சிங்கப்பூர் 9ஆவது, கத்தார் 40ஆவது.

நமக்குத் திரும்புவோம். மற்ற மூன்று எண்களும் அப்படியே இருக்க, நம் ஆயுள் மட்டும் தாய்லாந்து அளவுக்கு உயர்ந்தால் குறியீடு 0.807இலிருந்து ஏறக்குறைய 0.822 ஆகும். அதே உயர்வை வருமானத்தால் மட்டும் எட்ட வேண்டுமானால் தலா வருமானம் 27,295இலிருந்து சுமார் 38,300 டாலருக்குப் போக வேண்டும். 3.4 ஆண்டு ஆயுள், குறியீட்டின் கண்ணில் நபருக்கு 11,000 டாலருக்குச் சமம்.

அறிக்கையின் முதல் அட்டவணையில், வருமான வரிசை எண்ணிலிருந்து குறியீட்டு வரிசை எண்ணைக் கழித்த ஒரு பத்தி இருக்கிறது. அது கூட்டல் எண்ணாக இருந்தால் அந்த நாடு தன் வருமானத்தைவிட நல்ல இடத்தில் இருக்கிறது என்று பொருள். கழித்தல் என்றால் மறுதலை. தாய்லாந்துக்குக் கூட்டல், நமக்குக் கழித்தல். ஆனால் அதுவும் தேசிய சராசரியைக் கொண்டு போட்ட கணக்குதான். ஒரே நாட்டுக்குள் கோலாலம்பூருக்கும் கிளந்தானுக்கும் உள்ள இடைவெளியை அதில் தேடினால் கிடைக்காது. ஏற்றத்தாழ்வைக் கழித்துச் சொல்லும் குறியீடு அதே அறிக்கையில் தனியாக வருகிறது.

அடுத்த அறிக்கை வரும்போது தங்கள் நாளிதழ் தரவரிசையை மட்டும் போடாமல் நான்கு எண்களையும் பக்கத்தில் அச்சிட வேண்டுகிறேன். பழைய பட்டியலோடு ஒப்பிட்டு "ஓரிடம் சறுக்கினோம்" என்று தலைப்புக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். 2021-22 அறிக்கையில் நாம் 0.803 பெற்று 62ஆவது இடத்தில் இருந்தோம்; 2023-24இல் மதிப்பு கூடியும் இடம் 63 ஆனது. போதாததற்கு, ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுகளின் தரவையும் திருத்துகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட, அறிக்கையிலேயே உள்ள போக்கு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு